மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு: இந்தச் சனிக்கிழமை, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெற்றோருக்கு,

போன மாதம் பேன் முதலில் தெரிந்தது என் மகள் தலையில்தான். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் துப்புத் துலக்க வேண்டாம். தலையோடு தலை உரசி விளையாடும் வயதில் யாருக்கும் ஒட்டும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று பேன் பார்ப்பதில்லை.

நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன் வாங்கி, எண்ணெய்த் தலையிலேயே தடவினேன். ஷாம்பு மட்டும் போட்டு அலசி, துண்டால் துவட்டிய தலையில் வேர் நனையத் தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டுமாம். கண்டிஷனர் கூடாது. கடையில் ஐந்து சதவீதம் என்று ஒரு கிரீமும் கொடுப்பார்கள். அது சொறி சிரங்குக்கு. அட்டையைப் படித்து வாங்குங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரிது. இரண்டு நாளில் அரிப்பு நின்றது, சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாள் சீப்பில் எள்ளை விடச் சிறிய குஞ்சுகள். மருந்து பேனைக் கொல்லும், ஈரை முழுதாகக் கொல்லாது. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது நாளாவது வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டாம் முறை போட்டால்தான் சங்கிலி அறும்.

மறுபடி செய்தபோது வீட்டில் எல்லார் தலையையும் பார்த்தேன். மகளோடு ஒரே பாயில் படுக்கும் மாமியார் தலையிலும் இருந்தது. அவருக்கும் அதே மாலையில் போட்டேன். பேன் இல்லாத கணவருக்குப் போடவில்லை. தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்தேன், அவ்வளவுதான். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும், வீட்டுக்கெல்லாம் மருந்தடிக்க வேண்டியதில்லை.

பேன் சீப்பு இரும்பில் வாங்குங்கள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம். வேரிலிருந்து தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் கூடு. ஓடுகிற பேன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மருந்து போட்ட மறுநாளும் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்து வேலை செய்யவில்லை. அதையே திரும்பத் திரும்பப் போடாமல் டாக்டரிடம் வேறு கேளுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்ட பிறகே. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பேன் இருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒன்றாக இந்தச் சனிக்கிழமை மாலை மருந்து போடுவோம், மறுபடி எட்டு நாள் கழித்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. தனித்தனி நாளில் போட்டால் ஒரு சடையிலிருந்து இன்னொரு சடைக்கு ஏறிக்கொண்டே இருக்கும். சீப்பு இல்லாதவர்கள் சொல்லுங்கள், என்னிடம் புதிதாக இரண்டு இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்களில் ஒரு தாய்