பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் பழைய பீஸ் ரேட் புரோகிராம்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு வணக்கமுங்க.

டெஸ்ட் இல்லாத பழைய கோடில் கை வைப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல். ஒரு கம்பெனியில் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். கூலி கணக்கிடும் பைத்தான் ஃபங்ஷனில் டெஸ்ட் ஒன்றுகூடக் கிடையாது. அதில் `round(pieces * rate / 100)` என்று இருந்ததை, பைசாக் கணக்கு சுத்தமாக இருக்கட்டுமே என்று `pieces * rate // 100` ஆக மாற்றினேன். 2,239 பீஸ், ரேட் 150 பைசா போட்டுப் பார்த்தேன். பழையதிலும் 3358, புதியதிலும் 3358. சரி என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்லாக் அக்கா ஒருவர் நோட்டோடு வந்தார். "ஏனுங்க தம்பி, 2,237 பீஸுக்குப் போன வாரம் 3356 வந்துச்சு, இந்த வாரம் 3355 தான் இருக்குது?"

காரணம் இதுதான். பைத்தானின் `round` சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 3355.5 ஏறி 3356 ஆகும், 3358.5 இறங்கி 3358 ஆகும். `//` போட்டால் இரண்டுமே இறங்கிவிடும். நான் சோதித்தது இறங்குகிற எண்ணை மட்டும்.

கை வைப்பதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது, வேண்டுமென்றே தப்பான விடையோடு ஒரு டெஸ்ட் எழுதுவது:

```python
def test_kooli():
    assert kooli(2237, 150) == -1
```

pytest-இல் ஓட்டினால் `assert 3356 == -1` என்று விழும். விழும்போதே ஃபங்ஷன் இன்று தருவது எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. -1 இருந்த இடத்தில் 3356 போடுங்கள். அதேபோல 2239க்கு 3358. சரியா தப்பா என்ற கேள்வியே இங்கே வேண்டாம். இருப்பதைப் படம் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் நீங்களே கோடைக் கெடுத்துப் பாருங்கள். `//` போட்டால் 2237 டெஸ்ட் சிவப்பாக வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி அரையைச் சேர்த்து முழுசாக்கினால் 2239 டெஸ்ட் சிவப்பாக வேண்டும். எதுவும் விழாவிட்டால் அந்த வரிக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். இதைச் செய்யாமல் பச்சையை நம்பாதீர்கள்.

அட்வான்ஸ் பிடித்தம் பார்க்கிற இடத்தில் உள்ளுக்குள்ளேயே `date.today()` இருந்தால் டெஸ்ட் இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொல்லும். அதற்கு மட்டும் டெஸ்டுக்கு முன்பே ஒரு சின்ன மாற்றம் தேவை: `today=None` என்று வாங்கி, `None` என்றால் உள்ளே தேதியை எடுங்கள். `def` வரியிலேயே `today=date.today()` என்று எழுதினால், புரோகிராம் தொடங்கிய நாளிலேயே தேதி உறைந்துவிடும்.

இத்தனையும் பச்சையான பிறகு ஃபங்ஷனைப் பிரியுங்கள், பெயர் மாற்றுங்கள், ஒவ்வொரு அடிக்கும் டெஸ்டை ஓட்டுங்கள்.

3358ஐ 3359 ஆக்கலாமா என்பது கணக்குப்பிள்ளையைக் கேட்க வேண்டிய சமாச்சாரம். ஆக்கலாம் என்று அவர் சொன்னால் அது தனி கமிட். அதில் `round` வரியும், டெஸ்டில் அந்த ஓர் எண்ணும் மட்டும் மாறியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்காவுக்கு ஒரு ரூபாய் திருப்பிக் கொடுத்தவன்