வரியை நீக்குவது கழித்தல் கணக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை தங்கள் வணிக இணைப்பில், சிறு கடைக்காரர்கள் கணினியில் பில் போடுவதற்கான மாதிரித் தாள் ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். அதன் கீழே கட்டம் கட்டி ஒரு வாக்கியம்: "வரி சேர்ந்த விலையிலிருந்து வரியை நீக்க, அந்த விலையில் 18 சதவீதத்தைக் கழித்தால் போதும்."

அந்த 'போதும்' என்ற சொல்லை மூன்று நாட்களாக என்னால் விழுங்க முடியவில்லை. கோவில்பட்டியில் ஒரு மின்பொருள் மொத்த வியாபாரக் கடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். விற்பனை வரி இருந்தபோதும் எழுதினேன், 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தபோதும் எழுதினேன், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் எழுதினேன். எந்தக் காலத்திலும், எந்த வரியிலும், தாங்கள் சொன்னபடி கணக்கு நேரானதில்லை.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. 100 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி சேர்த்தால் 118. அந்த 18 ரூபாய், நூறில் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டில் பதினெட்டு சதவீதம் அல்ல. 118-இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 96 ரூபாய் 76 காசுதான் நிற்கும். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வராத கணக்கை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்கள்? ஏறும்போது நூறின் மேல் ஏறிய வரி, இறங்கும்போதும் அந்த நூறிலிருந்துதான் இறங்க வேண்டும். அதற்கு 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிகளில் 35-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. வரி சேர்ந்த தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறோடு மொத்த வரி விகிதத்தைக் கூட்டி வந்த எண்ணால் வகுக்கச் சொல்கிறது. தங்கள் அலுவலகத்தில் அந்த விதியைப் படித்தவர் ஒருவர்கூட அன்று பணியில் இல்லையா?

இது ஏட்டுச்சண்டை என்று தாங்கள் நினைத்துவிடக்கூடாது. என் தங்கை மகன் வைத்திருக்கும் மின்பொருள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பில் போடும் பெண் தங்கள் தாளைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டு ஒப்பந்ததாரர் சுவிட்சு, வயர், பெட்டி என்று வாங்கினார். வரி உட்பட 23,600 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். உள்ளீட்டு வரி வரவு எடுக்க வேண்டும், வரியைத் தனியாகக் காட்டுங்கள் என்றார் அவர். உள்ளபடி அது 20,000 ரூபாய்ச் சரக்கு, 3,600 ரூபாய் வரி. எண்ணிப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும் கணக்கு. ஆனால் அந்தப் பெண் தங்களை நம்பி 23,600-இல் 18 சதவீதமாக 4,248 ரூபாயைக் கழித்தார். சரக்கு விலை 19,352 என்று வந்தது. அதன் மேல் பில் முறைப்படி 18 சதவீத வரி போட்டது: 3,483 ரூபாய் 36 காசு. மொத்தம் 22,835 ரூபாய் 36 காசு. பில்லில் இருப்பதைத்தான் தருவேன் என்று ஒப்பந்ததாரர் அதைக் கட்டிவிட்டுப் போனார். ஒரே பில்லில் 764 ரூபாய் 64 காசு போயிற்று. அந்த வியாபாரத்தில் கடைக்கு நிற்கும் லாபத்தில் பெரும்பகுதி அது. மாலையில் நான் போனபோது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். அவரிடம் என்ன தவறு? பத்திரிகையில் வந்தது சரியாக இருக்கும் என்று நம்பியதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பிரித்த விலையின் மேல் மறுபடியும் வரி போட்டுப் பார்த்தால், பேசிய தொகை வர வேண்டும். வராவிட்டால் பிரித்தது தவறு. எங்கள் முதலாளி ஒவ்வொரு பில்லையும் இப்படித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். 12.5 சதவீத வரி இருந்த காலத்தில் எங்களுக்குக் கணிப்பொறியே தேவைப்பட்டதில்லை. வரி சேர்ந்த தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு வரி, அவ்வளவுதான். 5 சதவீதத்துக்கு இருபத்தொன்றில் ஒரு பங்கு. 18 சதவீதத்துக்கு ஐம்பத்தொன்பதில் ஒன்பது பங்கு. கல்லாவில் நின்றுகொண்டே சொல்லிவிடுவோம்.

தங்கள் நாளிதழுடன் எனக்கு இந்த வருத்தம் முதல் முறை அல்ல. 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைமுடி எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானபோது, "விலை 13 சதவீதம் குறைகிறது" என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். என் மைத்துனரின் மளிகைக் கடையில் அன்று நடந்த சச்சரவை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் கையில் தங்கள் இதழ், இன்னொரு கையில் 236 ரூபாய் எண்ணெய்ப் புட்டி. 13 சதவீதம் போக 205 ரூபாய் 32 காசுதான் தருவேன் என்கிறார். அதில் சரக்கு விலை 200, புதிய வரி 10, விலை 210. குறைந்தது 26 ரூபாய், அதாவது பழைய விலையில் 11 சதவீதம். வரி விகிதம் 13 புள்ளி குறைந்தது உண்மை. வாங்குபவர் கொடுக்கும் விலை அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் அந்த 13 நூறின் மேல், விலையோ நூற்றுப் பதினெட்டு. கூட்டத்துக்கு நடுவே என் மைத்துனரைத் திருடன் என்று ஒருவர் சொன்னார். அன்று நான் தங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு வாக்கியத் திருத்தமும் வரவில்லை. அந்தத் தவறும் இந்தத் தவறும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

தாளில் இன்னொன்றும் இருக்கிறது. காசு முழுமையாக்கும் இடம். தாங்கள் கட்டங்களை இரண்டு தசமமாகக் காட்டும்படி வடிவமைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. கண்ணுக்குத்தான் இரண்டு தசமம். உள்ளே எண் நீண்டுகொண்டே இருக்கும். வரி சேர்ந்து 100 ரூபாயுள்ள சுவிட்சு ஒன்றின் வரியில்லா விலை, 118-ஆல் வகுத்துச் சரியாகப் பிரித்தாலும், 84.7457 என்று போகும். கட்டத்தில் 84.75 என்று தெரியும். ஏழு வகைச் சுவிட்சு, ஏழு வரிசை என்றால் தாள் அடியில் 593.22 என்று கூட்டும். வாடிக்கையாளர் பேனாவால் கூட்டினால் 593.25 வரும். மூன்று காசுதானே என்று கேட்கலாம். கண் முன்னால் கூட்டல் பிசகுகிற பில்லை யார் நம்புவார்கள்? காட்டுகிற எண்ணும் கூட்டுகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எண்ணையே இரண்டு தசமமாக முழுமையாக்கும் `ROUND` இருக்கிறது.

அதையும் எங்கே போடுவது என்று பார்த்துப் போட வேண்டும். அந்த 84.7457-ஐ முதலில் 84.75 என்று முழுமையாக்கிவிட்டு, 18 சதவீதத்தை மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம் என்று பிரித்துப் போட்டால் இரண்டும் 7.63 ஆகும். மூன்றையும் கூட்டினால் 100 ரூபாய் 1 காசு. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உட்பட்டது. அதற்கு மேல் ஒரு காசு போட்டாலும் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே விலையிலிருந்து தொடங்கும் கணக்கில், முதலில் வரியை முழுமையாக்கி, மிச்சத்தைச் சரக்கு விலையாக வைக்க வேண்டும். `C2`-இல் வரி சேர்ந்த தொகை இருந்தால், மத்திய வரி, மாநில வரி, சரக்கு விலை மூன்றும் இப்படி வரும்:

```
D2: =ROUND(C2*9/118,2)
E2: =D2
F2: =C2-D2-E2
```

100 ரூபாய்க்கு இரண்டு வரியும் 7.63, சரக்கு விலை 84.74. கூட்டினால் சரியாக 100. அந்த ஏழு வரிசைக்கும் சரக்கு 593.18, வரி 106.82, மொத்தம் 700. பேனாவால் கூட்டினாலும் அதுவே வரும். வெளிமாநில விற்பனையென்றால் வரி ஒரே வரிசை; 9 இருக்கும் இடத்தில் 18 போட்டு, `E2`-ஐக் காலியாக விட வேண்டும். வரியில்லா விலை பேசி, மேலே வரி ஏற்றும் கடையில் முறை மாறும். அங்கே சரக்கு விலைதான் முதல், அதில் 9 சதவீதத்தை இருமுறை முழுமையாக்கிக் கூட்ட வேண்டும். அப்போது 100.01 வந்தால் அது சரியான தொகையே. இந்த வேறுபாட்டைத் தங்கள் தாள் சொல்லவே இல்லை.

எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். 2 ரூபாய் திருகாணி 500 வாங்கினால், ஒன்றுக்கு வரி நீக்கி 1.69 என்று வைத்து 500-ஆல் பெருக்கினால் 845 வரும். அதன் மேல் வரி போட்டால் 997 ரூபாய் 10 காசுதான். முதலில் 500-ஆல் பெருக்கி 1,000 ஆக்கிவிட்டுப் பிரித்தால் ஒரு காசும் நழுவாது. தங்கள் தாள் ஒற்றைப் பொருளுக்கு வரியை நீக்கிவிட்டுப் பிறகு பெருக்குகிறது; அந்த ஒற்றை விலையில் `ROUND` போட்டால் இதுதான் நடக்கும். சில்லறை வியாபாரத்தில் இந்த இடத்தில்தான் காசு ஒழுகும்.

நான் கேட்பது சிறியது. அடுத்த திங்கட்கிழமை, அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில், "வரி சேர்ந்த விலையை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கவும், சென்ற வாரம் வெளியிட்டது தவறு" என்று போடுங்கள். மேலே கொடுத்த மூன்று சூத்திரங்களையும் சேர்த்துப் போட்டால் நல்லது. என் பெயர் வேண்டாம். அந்தப் பெண் பழைய தாளை எடுத்துவிட்டு அதே கண்ணாடிக்கு அடியில் வைக்க ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கோவில்பட்டி