ஐந்தே கால் சுற்று என்று ஒன்று கிடையாது

நாக்-அவுட் போட்டிகளை நடத்தும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பல ஆண்டுகளாக நடுவராகவும், அட்டவணை போடுபவர்களுக்குப் பக்கத்துணையாகவும் இருந்துவருகிறேன். ஒரு போட்டியில் கண்ணெதிரே நடந்த ஓர் அநியாயம் இன்னும் மனதை விட்டு அகலவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு தசமப் புள்ளியைக் கவனிக்காமல் விட்டதால் வந்தது அது.

அந்தப் போட்டிக்கு 37 அணிகள் வந்திருந்தன. நாளுக்கு ஒரு சுற்று என்று திட்டம். எத்தனை சுற்று வேண்டும் என்று கணக்குப் போட்டவர் சரியான வழியில்தான் தொடங்கினார். இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்தார். log₂ 37 என்பது ஏறத்தாழ 5.21. நாம் எல்லோரும் பள்ளியில் பழகியபடி, அரைக்கும் குறைவான பின்னத்தைத் தள்ளிவிட்டு ஐந்து என்று எழுதினார். மைதானமும் ஐந்து நாட்களுக்கே பதிவு செய்யப்பட்டது.

37 ஒற்றைப்படை என்பதால் முதல் நாள் குலுக்கலில் ஓர் அணிக்கு 'பை' கிடைத்தது. விளையாடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. மீதி 36 அணிகள் மோதின, 19 அணிகள் மிஞ்சின. அடுத்தடுத்த நாட்களில் 10, 5, 3 என்று குறைந்தன. நான்காம் நாள் மாலை வெற்றிக்கோப்பைக்கு மூன்று அணிகள் நிற்கின்றன, கையில் இருப்பதோ ஒரே நாள். காலையில் இரண்டு அணிகளை மோதவிட்டு, வென்ற அணியை அன்று மாலையே இறுதிப் போட்டிக்கு இறக்கினார்கள். மூன்றாவது அணிக்கு மறுபடியும் 'பை'. முதல் நாள் 'பை' பெற்றதும் அதே அணிதான்.

இறுதிப் போட்டி அவர்களுக்கு நான்காவது ஆட்டம். எதிரணிக்கோ ஆறாவது, அதுவும் ஒரே நாளில் இரண்டாவது. அந்த அணித் தலைவர் கெண்டைக்காலில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்ததைப் பார்த்தபோது, விசில் ஊதவே எனக்குக் கை வரவில்லை.

மடக்கையில் வரும் பின்னத்தை ஏன் தள்ளக்கூடாது? கோப்பையிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். கடைசியில் நிற்பது ஓர் அணி. அதற்கு முந்தைய சுற்றில் இரண்டு அணிகளுக்கு மேல் இருந்திருக்க முடியாது. அதற்கும் முன்னால் நான்கு. ஒரு சுற்றில் ஓர் அணி ஒரு முறைதான் ஆடும், ஓர் ஆட்டம் ஓர் அணியைத்தான் வெளியேற்றும். ஆகவே எந்தச் சுற்றும் பாதிக்கு மேல் ஆட்களைக் குறைக்காது. ஐந்து சுற்றுகள் தாங்கக்கூடிய உச்சம் 2⁵, அதாவது 32 அணிகள். 33-ஆவது அணி வாசலில் வந்து நின்றதுமே ஆறாவது சுற்று தேவைப்பட்டுவிடுகிறது. 33-க்கு மடக்கை 5.04 என்றுதான் காட்டும். அந்தச் சிறு பின்னத்துக்கும் ஒரு முழுச் சுற்று வேண்டும், ஏனெனில் கால் சுற்று, அரைச் சுற்று என்று எதையும் ஆட முடியாது. விதி இவ்வளவுதான்: அணிகள் n என்றால் சுற்றுகள் ⌈log₂ n⌉. அந்த மேல் அடைப்பு, பின்னம் எவ்வளவு சிறிதானாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்று என்று சொல்கிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கூட்டுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. 32 அணிகளுக்கு மடக்கை சரியாக 5. அங்கே ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கால்குலேட்டரில் அடிமானம் 2 இல்லையென்று log 32-ஐ log 2-ஆல் வகுப்பவர்கள், log 2-ஐ 0.301 என்று சுருக்கிக்கொள்வார்கள். 1.5051-ஐ 0.301-ஆல் வகுத்தால் 5.0003 வரும். மேலே ஏற்றினால் 6! இல்லாத ஒரு சுற்றுக்கு மைதான வாடகை கட்ட வேண்டியதுதான். எனக்குத் தாளும் பேனாவுமே போதும்: 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போவேன். அணிகளின் எண்ணிக்கையை முதலில் தொடும் அல்லது தாண்டும் எண் எத்தனையாவதாக வருகிறதோ, அத்தனை சுற்று.

சுற்று எண்ணிக்கை சரியாகிவிட்டால் மட்டும் அந்த அநியாயம் தீராது. ஒற்றைப்படை வரும்போதெல்லாம் ஒரு 'பை' என்ற முறையில் போனாலும் 37 அணிகளுக்கு ஆறு சுற்றுகளே ஆகும். ஆனால் 37, 19, 5, 3 என்று நான்கு இடங்களில் ஒற்றைப்படை வருகிறது. குலுக்கல் நான்கு முறையும் ஒரே அணியின் பக்கம் விழுந்தால், அது இரண்டே ஆட்டங்களில் கோப்பையைத் தூக்கிவிடும். விதியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

எல்லா 'பை'களையும் முதல் சுற்றிலேயே கொடுத்து முடித்துவிடுங்கள். 64-லிருந்து 37-ஐக் கழித்தால் 27. அந்த 27 அணிகளும் நேராக இரண்டாம் சுற்றுக்குப் போகட்டும். மீதி 10 அணிகள் முதல் சுற்றில் ஐந்து ஆட்டங்கள் ஆடும். வென்ற ஐந்தும் 27-உம் சேர்ந்தால் சரியாக 32. அதற்குப் பின் 16, 8, 4, 2, 1. கடைசி வரை ஒற்றைப்படை எட்டிப் பார்க்காது. மொத்த ஆட்டங்களைக் கூட்டினால் 5, 16, 8, 4, 2, 1 சேர்ந்து 36 வரும். 36 அணிகள் தோற்றாக வேண்டும் என்பதால் எந்த முறையிலும் அந்தக் கூட்டுத்தொகை மாறாது. அட்டவணையைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

27 அணிகளை ஆடாமல் அனுப்புவதா என்று குழுக்களில் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இம்முறையில் கோப்பையை வெல்ல ஐந்து ஆட்டங்கள் அல்லது ஆறு; எந்த இரு அணிகளுக்கும் இடையே ஒரே ஓர் ஆட்டம்தான் வித்தியாசம். அந்த ஐந்து ஆட்டங்களையும் அட்டவணையின் ஒரே ஓரத்தில் குவிக்காமல், மேல் பாதியில் 19 அணிகளும் கீழ்ப் பாதியில் 18 அணிகளும் வைத்தால், மேலே மூன்று, கீழே இரண்டு என்று பரவிவிடும். தரவரிசை இருந்தால் அதன்படி 'பை' கொடுங்கள். இல்லையென்றால் எல்லோர் முன்னிலையிலும் ஒரே முறை குலுக்குங்கள்.

இன்னொன்று, பதிவுக்கான கடைசி நாளைப் பற்றியது. 33-லிருந்து 64 வரை எத்தனை அணிகள் வந்தாலும் சுற்றுகள் ஆறுதான். 32-லிருந்து 33-க்குப் போகும் அந்த ஓர் அடியில்தான் ஒரு சுற்று கூடுகிறது, அதுவும் ஒரே ஓர் ஆட்டத்துக்காக. கால்பந்து உலகக் கோப்பையின் நாக்-அவுட் கட்டத்துக்கு வரும் அணிகளை 2022-இல் இருந்த 16-லிருந்து 2026-க்கு 32 ஆக்கியபோது, நான்கு சுற்றுகள் ஐந்தாயின. அங்கே கூடிய சுற்று 16 ஆட்டங்களோடு முழுதாக நிரம்பியது. நீங்கள் 32-இல் நிற்கும்போது தாமதமாக வரும் ஒரே ஓர் அணிக்குக் கதவைத் திறந்தால், ஒரே ஆட்டத்துக்காக ஒரு நாள் போகும். அல்லது அந்த ஆட்டத்தில் வென்றவர்கள் அன்றே மறுபடியும் ஆட வேண்டியிருக்கும். 40 அணிகள் வந்திருக்கும்போது 41-ஆவதாக ஒன்று வந்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம். முதல் சுற்றில் ஓர் ஆட்டம் கூடும், ஒரு 'பை' குறையும், அவ்வளவுதான்.

எனவே மைதானத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே 16, 32, 64 ஆகியவற்றில் எதை எல்லையாக வைக்கிறீர்கள் என்று முடிவு செய்து, அதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். 'பை' குலுக்கல் ஒரே முறைதான் நடக்கும் என்பதையும் அதன் கீழே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளில் விசில் பிடிக்கும் ஒரு நடுவர்