நம்ம சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை: இ.எஸ்.ஐ. பிடித்தமும் அந்த 78 நாளும்

வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேத்து கூட்டத்துக்கு வர முடியாத அக்கா, அண்ணன்மாரும் படிக்கட்டும்னு வாசிச்ச அறிக்கைய அப்படியே இங்க போடறேன். வரவு செலவு கணக்கு பொருளாளர் தனியா போடுவாருங்க. மாசாந்திர கூட்டம் ரெண்டு மாசம் தவிர எல்லா மாசமும் நடந்துச்சு, தெரு விளக்கு மனுவுக்கு இன்னும் பதில் வரல. மத்தபடி இந்த வருசம் பூராவும் நம்ம ஓடினது இ.எஸ்.ஐ. விசயத்துக்குத்தான், அதனால அதையே விரிவா சொல்றேன்.

இது எல்லாத்துக்கும் ஆரம்பம் செக்கிங் செக்சன்ல வேலை பார்க்கற நம்ம அக்கா ஒருத்தங்க. பேரு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பிப்ரவரி 3ம் தேதி மஞ்சள் காமாலைன்னு படுத்தவங்க 25ம் தேதி வரைக்கும் வேலைக்கு போகல, மொத்தம் 23 நாள். டிஸ்பென்சரிக்கு போனாங்க, டாக்டர் பார்த்து மருந்தும் குடுத்து, சர்டிபிகேட்டும் போட்டுக் குடுத்தாரு, அதுல எந்த குறையும் இல்லீங்க. ஆனா சம்பளம் இல்லாத நாளுக்கு பணம் கேட்டு பிராஞ்ச் ஆபீசுக்கு போனா, "உங்களுக்கு தகுதி இல்லைம்மா, நாள் பத்தல"ன்னு சொல்லிட்டாங்க. அக்கா நேரா நம்ம வீட்டு வாசலுக்கு வந்து உக்காந்துட்டாங்க. "மாசாமாசம் பிடிச்சாங்களே தம்பி, அது எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அப்ப பதில் தெரியல.

பிடித்தம் பத்தி முதல்ல சொல்லிடறேன். 2019 ஜூலைல இருந்து நம்ம சம்பளத்துல 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், ரெண்டும் சேர்ந்து 4 சதவீதம். மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கறவங்களுக்கு இது கட்டாயம், எனக்கு வேண்டாம்னு சொல்ல முடியாது. அக்காவுக்கு மாசம் 11,200 ரூபாய், அதுல 84 ரூபாய் பிடிப்பாங்க, முதலாளி 364 ரூபாய் போடணும். முதலாளி பங்க நம்ம சம்பளத்துல பிடிக்கவே கூடாது, ஆனா ஒரு காண்ட்ராக்ட்ல நம்ம பசங்க மூணு பேருக்கு முழுசா 448 ரூபாய் பிடிச்சிட்டு இருந்தாங்க, சிலிப்ப கையில வச்சு கேட்டதும் மறுமாசம் நிறுத்திட்டாங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வரேன், இத கொஞ்சம் நிதானமா படிங்க. வைத்தியம் பார்க்கறதும் லீவுக்கு பணம் வாங்கறதும் ஒரே கணக்கு இல்லீங்க. வேலைக்கு சேர்ந்த நாள்ல இருந்தே நமக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனா உடம்பு சரியில்லாம வீட்ல இருக்கற நாளுக்கு பணம் வேணும்னா, அதுக்கு முந்தின ஆறு மாச கணக்குல குறைஞ்சது 78 நாள் சம்பளம் காட்டி பணம் கட்டியிருக்கணும். அந்த ஆறு மாசம் எதுங்கறதுதான் நிறைய பேருக்கு குழப்பம். ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கட்டினது அடுத்த வருசம் ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் பேசும். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் கட்டினது அந்த ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் பேசும். அக்கா பிப்ரவரில படுத்தாங்க, அப்ப பார்க்க வேண்டியது 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் உள்ள கணக்கு.

அத எப்படி பார்க்கறதுன்னு நம்ம பையன் ஒருத்தன் உக்காந்து காமிச்சான். esic.gov.in போய், இன்சூர்டு பெர்சன் லாகின்ல நுழைஞ்சா, மாசாமாசம் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம்னு கம்பெனி ஏத்தினது தெரியும். பார்த்தா ஆறு மாசத்துக்கும் சேர்த்து 61 நாள்தான் இருந்துச்சு! அக்கா வேலை பார்த்தது 140 நாள். சம்பள சிலிப் ஆறும் பத்திரமா மஞ்சப்பையில மடிச்சு வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணுலயும் 84 ரூபாய் பிடித்தம், மொத்தம் 504 ரூபாய். கம்பெனி பாதி நாளுக்கும் குறைவா கணக்கு காட்டி மீதிய கட்டாமலே விட்டிருக்கு. டைலர், கைமடி வேலைக்கெல்லாம் பீஸ் ரேட்டுன்னு சொல்லி நாள குறைச்சு போடறது இந்தப் பக்கத்துல நிறைய நடக்குது, ஆனா சம்பளத்துல பிடிக்கறது மட்டும் முழுசா பிடிக்கறாங்க, எனக்கு ரொம்ப ஆத்திரம் வந்தது அங்கதான்.

இதுல நமக்கு பலமா இருக்கறது ஒண்ணுங்க. சட்டத்துல கட்டினது மட்டும் கணக்கு இல்ல, கட்ட வேண்டியதும் கணக்குதான். அதாவது நம்ம வேலை பார்த்து சம்பளம் வாங்கினதுக்கு ஆதாரம் இருந்தா, முதலாளி கட்டாதது நம்ம தப்பு ஆகாது. அதனால சிலிப் ஆறோட நகல், கூட வேலை பார்க்கற ரெண்டு பேரோட எழுத்து, சர்டிபிகேட், எல்லாம் சேர்த்து பிராஞ்ச் மேனேஜருக்கு மனு குடுத்தோம். நாலு தடவ அலைஞ்சோம். அதிகாரி கம்பெனிக்கு போய் வருகைப் பதிவேட்ட பார்த்தாரு, அதுல அக்கா பேருக்கு நேரா நாள் எல்லாம் தெளிவா இருந்துச்சு. அப்புறம் கம்பெனி விட்டுப்போனத வட்டியோட கட்டுச்சு, மே கடைசில அக்கா பேங்க் கணக்குல பணம் ஏறிடுச்சு.

எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, 140 நாள் சம்பளம் 67,200 ரூபாய், ஒரு நாளைக்கு 480. அதுல 70 சதவீதம் 336 ரூபாய். முதல் ரெண்டு நாள் காத்திருப்பு நாள், அதுக்கு குடுக்க மாட்டாங்க, மீதி 21 நாளுக்கு 7,056 ரூபாய். வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் இப்படி வாங்கலாம். கம்பெனி லீவு சம்பளம் குடுத்த நாளுக்கு மட்டும் இது கிடையாது.

இன்னொரு கேஸ்ல நம்மால ஒண்ணும் பண்ண முடியலீங்க, அதையும் மறைக்காம சொல்லணும். ஒரு அண்ணனுக்கு காசநோய். அந்த மாதிரி நீண்ட நோய்க்கு 91 நாளைக்கு மேலயும் 80 சதவீதம் வரைக்கும் பணம் உண்டு, ஆனா ரெண்டு வருசம் தொடர்ச்சியா வேலையும், அதுக்கு முந்தின நாலு பீரியட்ல, அதாவது நாலு ஆறு மாச கணக்குல, 156 நாளும் வேணும். அண்ணன் ஆறு வருசமா வேலை பார்க்கறவரு, ஆனா மூணு காண்ட்ராக்டர் மாறி, ஒவ்வொருத்தரும் புதுசா ஒரு இன்சூரன்ஸ் நம்பர் போட்டுட்டாங்க. பழைய நம்பர்ல இருக்கறது எதுவும் புதுசுல தெரியல, பழைய சிலிப்பும் அவர்கிட்ட இல்ல. மாத்திரையும் டாக்டரும் கிடைச்சது, சம்பளத்துக்கு பதில் பணம் கிடைக்கல, வீட்டுக்காரம்மா ரெண்டு ஷிப்ட் போறாங்க. நம்பர் எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கச் சொல்லி மனு போட்டிருக்கோம், இன்னும் நிலுவைல இருக்கு. இதுக்காகத்தான் சொல்றேன், வேற கம்பெனிக்கு போனா பழைய நம்பர குடுத்து அதுலயே போடச் சொல்லுங்க, புதுசா எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

சம்பளம் 21,000 தாண்டின சூப்பர்வைசர் ரெண்டு பேரு "இனி நமக்கு இல்லையா"ன்னு கேட்டாங்க. நடு பீரியட்ல தாண்டினா அந்த பீரியட் முடியற வரைக்கும் பிடிப்பாங்க, அதுக்கான பலனும் பின்னாடி வரும், உடனே நின்னு போகாது.

அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு சங்கத்துல செல்போன வச்சு எல்லாருக்கும் கணக்கு பார்க்கறோம். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஏத்தினத பார்த்துடலாம், ஜூலைல இருந்து அதுதான் பேசும். இன்சூரன்ஸ் நம்பர், அதுல பதிவு பண்ணின மொபைல், ஆறு மாச சிலிப், மூணையும் எடுத்துட்டு வாங்க. சிலிப் தராத கம்பெனியா இருந்தா நீங்களே நோட்டுல எழுதி வச்ச நாள் கணக்கு இருந்தாலும் கொண்டு வாங்க.

செயலாளர்