வவுனியாவில் ஒரு கையசைப்பு

அன்பின் மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். வட்டக்கச்சியில் இன்னும் மழை இல்லை, வாய்க்காலில் தண்ணீரும் இல்லை. மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன்.

சின்ன மாமி போன வெள்ளி வவுனியா பஸ் நிலையத்தில் உன்னைக் கண்டவவாம். நீ கையைப் பாதி தூக்கிக் காட்டிவிட்டு நடந்தாயாம். வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். கொழும்பில் இருக்கிற பிள்ளை வவுனியா மட்டும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போவானா? அதைப் பற்றி நான் கேட்கவில்லை. மாமிக்கு ஒரு போன் எடு.

அவசரத்தில் கை காட்டிப் போவது பிழை இல்லை, மகன். எங்கள் குளக்கட்டு றோட்டில் எதிரே வருகிற ஆளை எவ்வளவு தூரத்திலேயே தெரியும். அங்கேயே சிரித்தால், கிட்ட வரும் வரைக்கும் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதுதான் ஒருதரம் பார்த்துவிட்டு வயலைப் பார்ப்போம். பத்தடிக்குள் வந்ததும் திரும்பப் பார்த்து, ஒத்த வயது என்றால் நாடியை மேலே தூக்குவோம், பெரியவர் என்றால் தலையைக் கீழே பணிப்போம். சைக்கிளில் என்றால் ஹாண்டிலை விடாமல் இரண்டு விரல் போதும். வெளிக்கிட்டுப் போகிறவரிடம் ‘எங்கே போறியள்’ என்று கேட்பதில்லை, ‘தூரமோ’ என்றுதான் கேட்பது. ‘ஓம், கிட்டத்தான்’ என்று சொன்னால் முடிந்தது. அவரும் நிற்கமாட்டார், நீயும் நிற்கவேண்டாம். இதெல்லாம் சின்னனிலேயே உனக்கு வந்தது. ‘உங்கட பெடியன் மரியாதை தெரிஞ்சவன்’ என்று சந்தையில் எத்தனை பேர் சொல்லி இருக்கிறார்கள்.

ஆனால் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதே, காலைப் பார். முகம் எல்லாருக்கும் சிரிக்கும். நிற்க நினைக்கிறவரின் கால் முன்னுக்கே மெதுவாகி, றோட்டுக் கரைக்கு ஒதுங்கும். சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றுவார். கையில் சுமை இருந்தால் அதைக் கீழே வைப்பார். சுமையை வைத்துவிட்டார் என்றால் எந்த அவசரம் என்றாலும் நிற்கவேண்டும். நிற்கவே முடியாவிட்டால் ‘பின்னேரம் வீட்டை வாறன்’ என்று சொல்லி, சொன்னபடி போகவேண்டும். மாமி உன்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்தவவாம். நீ பார்க்கவில்லையா?

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 2010இல் மனிக் பாம் முகாமிலிருந்து வந்து கொட்டில் போட்ட நேரம், கூரைத் தகரத்துக்குப் பதியக் கச்சேரிக்குச் சைக்கிளில் போனேன். முந்தி எங்கள் பக்கத்து வளவில் இருந்த அக்கா விறகுக் கட்டோடு எதிரே வந்தா. இருபதடி தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டு, கட்டைத் தலையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தா. நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மிதித்தேன். ‘தம்பி’ என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

கச்சேரிக்கு நேரம் இருந்தது. அவ என்ன கேட்பா என்று எனக்குத் தெரியும். அவவின் மகனைக் கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் கஞ்சி வரிசையில் உயிரோடு கண்டவன் நான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று அந்த முகத்துக்கு நேரே சொல்லப் பயந்தேன். அதற்குப் பிறகும் அவவை எத்தனையோ தரம் றோட்டில் கண்டேன். ஒவ்வொரு தரமும் வேகமாகத் தலையாட்டிவிட்டுப் போனேன். ஏழு வருசம். பிறகு பிறகு அவவும் சுமையை இறக்குவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவா.

2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் போராட்டத்தில் இருந்தபோதுதான் போய் அவவின் பக்கத்தில் இருந்தேன். கண்டதைச் சொன்னேன். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அவ கேட்கவில்லை. ‘என்ன சட்டை போட்டிருந்தவன்?’ என்று மட்டும் கேட்டா. முதலே நின்றிருந்தால் நிறம் ஞாபகம் இருந்திருக்கும். எனக்கு மறந்துவிட்டது, மகன். அம்மாவுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

மாமிக்குப் போன் எடு. அவ ஒன்றும் துருவிக் கேட்கமாட்டா. உன் கையில் பெரிய பை இருந்தது என்று சொன்னா, இரண்டு பை. நானும் கேட்கவில்லை. வேலை விசயம் என்றாலும் சரி, வேறு என்ன என்றாலும் சரி. பஸ் ஏறினால் ஒரு போன் போடு, எந்த நேரம் என்றாலும் டிப்போச் சந்தியில் சைக்கிளோடு நிற்பேன். ஒரு பையைக் கரியரில் கட்டலாம், மற்றதை ஹாண்டிலில் கொழுவலாம்.

அப்பா