சர்க்கரை குறைந்தால் நல்லதுதானே?

அன்புள்ள நெட்டை,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. கோபம் இருக்கும், நியாயம்தான். மகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, என் முதுகுவலி பரவாயில்லை, குண்டு மாமா இன்னமும் எல்லோரையும் அதட்டிக்கொண்டுதான் இருக்கிறார். செய்தி அவ்வளவுதான். இனி எழுதப் போவது முழுக்க அந்தப் புத்தகத்தைப் பற்றி.

சர்க்கரை நோயாளிகளுக்கு எளிய தமிழில் ஒரு கையேடு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "நீ எழுதினால் மருந்துச் சீட்டு மாதிரிதான் இருக்கும், மருந்துக் கடைக்காரர் மட்டும்தான் படிப்பார்" என்று சிரித்தாயே, அது சரியாகத்தான் போயிற்று. எட்டு அத்தியாயம் முடித்திருந்தேன். ஒன்பதாவது, இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது பற்றியது. பாடப்புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே காரணம், அறிகுறி, சிகிச்சை, தடுப்பு என்று நான்கே பக்கத்தில் எழுதி முடித்துத் திருப்தியாகவும் இருந்தேன். போன மாதம் ஒரு விடியற்காலையில் வந்த தொலைபேசிதான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது.

இருபது வருடமாக என்னிடம் வருகிற ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார், மாத்திரையை விடக்கூடாது என்று நான்தானே சொல்லி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, மனைவியை யாரோ போலப் பார்த்து, ஏதோ உளறியிருக்கிறார். அந்த அம்மா கெட்டிக்காரர், உடனே கருவியில் விரல் குத்திப் பார்த்திருக்கிறார். 48 என்று காட்டியிருக்கிறது. நெட்டை, அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "48தான் இருந்துச்சு டாக்டர். என்னைக்குமே 180, 200ன்னு இருக்கும். பரவாயில்லை, நல்லா குறைஞ்சிருக்குன்னு நெனச்சேன்." தெம்பாக இருக்கட்டும் என்று காபி போட்டுக் கொடுத்திருக்கிறார், சர்க்கரை போடாமல்.

நல்ல வேளையாக அவர் எனக்கும் போன் செய்தார். விழுங்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லி, மருத்துவமனைக்கு வரவழைத்தோம். வந்து சேர்வதற்குள் பேச்சுத் தெளிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றரை நாள் வைத்திருந்துதான் அனுப்பினோம். அந்த வகை மாத்திரையின் வேலை ஒரு நாளுக்கு மேலேயும் ஓடும். வயதானவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். ஒருமுறை ஏற்றிவிட்ட சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். அவருக்கும் அன்று மத்தியானம் மறுபடி இறங்கியது. வீட்டிலேயே இருந்திருந்தால், "காலையிலேயே சரியாகிவிட்டது, தூங்கட்டும்" என்று விட்டிருப்பார்கள்.

அன்று இரவு என் ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். தலைப்பு: "சர்க்கரை குறைதல்". இருபது வருடமாக அந்த அம்மாவிடம் "சர்க்கரையைக் குறைக்கணும், குறையணும், இன்னும் குறையலையே" என்றே பேசியிருக்கிறேன். எங்கள் வாயிலிருந்து வந்த மிக நல்ல செய்தியே "குறைந்திருக்கிறது" என்பதுதான். அதே சொல்லை எடுத்து ஓர் ஆபத்துக்குப் பெயராக வைத்தால் யாருக்குப் பயம் வரும்? தலைப்பை மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது: "சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டால் (லோ சுகர்)". நீ தமிழில் கலப்பு என்று முகம் சுளிப்பாய். ஆனால் சனங்கள் வாயில் "லோ ஆயிடுச்சு" என்பதற்கு மட்டும்தான் ஆபத்து என்ற பொருள் இருக்கிறது. அதனால் அதை விட மாட்டேன். தலைப்புக்குக் கீழே முதல் வரி: "கருவியில் 70க்குக் கீழே காட்டினால் அது நல்ல செய்தி இல்லை."

அடுத்த தவறு அதைவிடப் பெரியது. அத்தியாயம் முழுக்க "உங்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும், படபடப்பு வரும், நீங்கள் உடனே..." என்று நோயாளியைப் பார்த்தே எழுதியிருந்தேன். 65இல் இருக்கிறவர் அதைச் செய்துவிடுவார். 48இல் இருக்கிறவருக்கு மூளைக்கே தீனி இல்லை. அவர் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படிக்க மாட்டார், "எனக்கு ஒண்ணும் இல்லை போ" என்று கையைத் தட்டிவிடுவார். அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்டப் போவது அந்த அம்மாதான், அதுவும் பதறிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல். ஆகவே அத்தியாயத்தைப் பிரித்துவிட்டேன். நோயாளிக்கானது உள்ளே, நிதானமாகப் படிக்க. பின் அட்டையின் உள்பக்கம் முழுவதும் பெரிய எழுத்தில் "வீட்டில் இருப்பவருக்கு". அதில் நோய் எப்படி வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், விழித்துப் பேசி விழுங்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் சர்க்கரை. முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். "சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுக்கலாமா என்று யோசிக்காதீர்கள். இப்போது அதுதான் மருந்து." இந்த இரண்டு வாக்கியத்துக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அப்புறம் நீ முன்பு சொன்னபடி ஆட்களிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து பேர். "புரிந்ததா?" என்று கேட்டபோது ஐந்து பேரும் தலையாட்டினார்கள். டாக்டர் எதிரில் யார்தான் இல்லை என்பார்கள்? அதனால் கேள்வியை மாற்றினேன். பக்கத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "இப்போ ராத்திரி ரெண்டு மணி. உங்க வீட்டுக்காரருக்கு 55 காட்டுது. என்ன செய்வீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றேன். அப்போதுதான் என் எழுத்தின் ஓட்டைகள் தெரிந்தன.

நான் எழுதியிருந்தது: "15 கிராம் சர்க்கரை உட்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவும்." ஒருவர், பதினைந்து நிமிடம் காத்திருந்துவிட்டு அப்போதும் இறங்கியே இருந்தால் சர்க்கரை கொடுப்பேன் என்றார். ஒரே எண் இரண்டு தடவை வந்ததில் வரிசை குழம்பிவிட்டது. எங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்ய வசதியாக இருந்த அதே 15-15தான் இங்கே காலை வாரிவிட்டது. இன்னொருவர், 15 கிராமை எதில் நிறுப்பது என்று கேட்டார். மூன்றாமவர் சாக்லேட் கைப்பையிலேயே இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். சாக்லேட்டில் இருக்கிற கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பது எனக்குத் தெரியும், எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருக்கிறேன்.

இப்போது இருக்கிற வடிவத்தைப் பார்:

"முதலில் சர்க்கரை வாய்க்குள் போகட்டும். தேக்கரண்டியில் தலைதட்டி நான்கு, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. சாக்லேட், பிஸ்கட் வேண்டாம், அவை மெதுவாகத்தான் ஏறும். சர்க்கரை சேர்க்காத 'டயட்' பானங்களால் பயன் இல்லை. குடித்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரம் ஆனதும் விரலில் குத்திப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. மேலே வந்துவிட்டால் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். கருவி கையில் இல்லையா? தேட வேண்டாம், சர்க்கரையைக் கொடுங்கள்."

இதைப் படித்த அடுத்த நான்கு பேரும் மூடி வைத்துவிட்டுச் சரியாகச் சொன்னார்கள். நாலு தேக்கரண்டி ஏறக்குறைய 16 கிராம். ஒரு கிராம் கூடினால் என்ன கெட்டுவிடும்? துல்லியத்தைவிடக் கை தயங்காமல் இருப்பது முக்கியம்.

இனி என் உண்மையான கவலைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்தப் பெரியவர் சாப்பிடாமல் மாத்திரை போட்டதால்தானே எல்லாம் வந்தது? "சாப்பிட முடியாத நாளில் மருந்தை நிறுத்துங்கள்" என்று ஒரு வரி போட்டால் போதுமே என்று தோன்றும். எழுதியும் விட்டேன். மறுநாள் காலையில் பதறி எழுந்து அடித்தேன். அதே புத்தகத்தை, உடலில் இன்சுலினே சுரக்காத வகை சர்க்கரை நோய் உள்ள ஒரு பிள்ளையின் அம்மாவும் படிப்பார். காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. ஒருவரைக் காப்பாற்றுகிற வரி இன்னொருவரைக் கொன்றுவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கோ லோ சுகர் வருவதே அபூர்வம், அவரை வீணாகப் பயமுறுத்துவேன்.

என் சக மருத்துவர் ஒருவர், "உங்கள் மருத்துவரை அணுகவும்" என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார். எண்ணிப் பார்த்தேன், என் கைப்பிரதியில் அது 11 இடத்தில் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அது எதற்கு உதவும்? எதற்கு அணுகவேண்டும், எப்போது, என்ன கேட்கவேண்டும் என்று சொல்லாத இடத்தில் எல்லாம் அதை அடித்துவிட்டேன். இப்போது இப்படி: "வாரத்தில் இரண்டு முறை 70க்குக் கீழே வந்தால், அல்லது ஒரு முறையாவது இன்னொருவர் உதவி தேவைப்பட்டால், அடுத்த வேளை மருந்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். அளவைக் குறைக்கவேண்டுமா என்று கேளுங்கள்." எவ்வளவு குறைப்பது என்று மட்டும் எழுத மாட்டேன், அது ஆளுக்கு ஆள் மாறும்.

சாப்பிட முடியாத நாளுக்கு நான் கண்ட வழி, முதல் பக்கத்தில் கோடு போட்டு வெற்றிடம் விடுவது. மருந்தின் பெயர், இது லோ சுகர் தருமா, ஆம் இல்லை, சாப்பிட முடியாவிட்டால் இதை என்ன செய்வது. மூன்று கட்டத்தையும் நோயாளி டாக்டரிடம் நீட்டி எழுதி வாங்கவேண்டும். புத்தகம் என்றால் எல்லாம் அச்சில் இருக்கவேண்டும் என்று பதிப்பாளர் முணுமுணுக்கிறார். மிக முக்கியமான பக்கம் காலியாக இருப்பதா என்கிறார். எனக்கோ, அந்தப் பக்கத்தை அச்சடிக்காமல் விடுவதுதான் நேர்மை என்று படுகிறது. ஆனால் பாதிப் பேர் நிரப்பாமலே விட்டால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ யோசித்துச் சொல்.

இன்னொரு உதவியும் வேண்டும். இத்துடன் அந்த ஒன்பதாவது அத்தியாயத்தையும் பின் அட்டைப் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். நீ திருத்த ஆரம்பித்துவிடாதே, உன் சிவப்பு மைக்குப் பிறகு வேலை இருக்கிறது. முதலில் உன் அம்மாவிடம் கொடு. அவரும் இன்சுலின் போடுகிறவர், என்னை இன்னமும் "டாக்டர்" என்று கூப்பிடாத ஒரே நோயாளி. படித்து முடித்ததும் மூடி வைக்கச் சொல்லிவிட்டு ராத்திரி இரண்டு மணிக் கேள்வியைக் கேள். அவர் சொல்வதை நீ அழகாக்காமல், விட்டது தப்பியது எல்லாவற்றோடும் அப்படியே எழுதி அனுப்பு. பத்தாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் அறைத்தோழன்