வெள்ளிக்கிழமைதோறும் 9 வெள்ளி 90 காசு

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே மழை, அந்தக் காலத்துக் கங்காணி மாதிரி நாலு மணி அடித்தால் வந்து நிற்கிறது. மில்லுக்கு வரும் செம்பனைக் குலை லாரியெல்லாம் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. உனக்குப் பதில் போட இவ்வளவு நாளானதற்குக் காரணம் மழை இல்லை, கவின்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை மோட்டாருக்கு ரோட்டேக்ஸ் கட்டலாம் என்று பணம் எடுக்கப் போனேன். மனக்கணக்கில் இருந்ததைவிட நூற்றைம்பது வெள்ளி குறைந்தது. வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் 9.90 போயிருக்கிறது. பக்கத்தில் `GOOGLE *` என்று தொடங்கி ஏதோ ஒரு பெயர். பதினொரு வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளிக்கிழமையில் மட்டும் கூடவே 44.90.

நான் என்ன நினைப்பேன்? ஸ்கேம் என்றுதான் நினைத்தேன். பெரிதாக எடுத்தால் ஆள் முழித்துக்கொள்வான், சின்னச் சின்னதாகக் கறக்கிறார்கள் என்று நினைத்து உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மல்லிகாவைக் கூப்பிட்டு, "மோசடிக்கு ஒரு நம்பர் இருக்குமே, 997, அதை அடி" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். கவின் மேசையில் உட்கார்ந்து மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கரண்டியைக் கீழே வைத்தான். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. "அம்மா, அடிக்காதீங்க. நான்தான்" என்றான்.

செல்வம், அடுத்த அரைமணி நேரம் நான் என்னென்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது, அதனால் நிறுத்திவிட்டேன். அப்புறம்தான் அவன் சொன்னதை ஒழுங்காகக் கேட்டேன்.

போன வருஷம் நான் புதுக் கைப்பேசி வாங்கியபோது பழையதை அவனிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது என் கணக்கை அதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அந்த ஜிமெயிலைத் திறந்து கொடுத்தவனே அவன்தான், ரகசியச் சொல்லும் அவன் வைத்ததுதான், அவன் பெயரும் பிறந்த வருஷமும். அதற்கு முன்னால் ஒரு தடவை படம் வைக்க இடம் போதவில்லை என்று அந்தக் கணக்கில் என் டெபிட் கார்டை ஏற்றிக் கொஞ்சம் இடம் வாங்கினோம். அன்றைக்கு வங்கியிலிருந்து எனக்கு டேக் நம்பர் வந்தது, சொன்னேன், முடிந்தது. கார்டு அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அதே கணக்கில் எது வாங்கினாலும் வங்கி என்னைக் கேட்கவில்லை. பிளே ஸ்டோர் கேட்டதெல்லாம் ரகசியச் சொல்லை மட்டும்தான். அதுதான் அவனுக்குத் தெரியுமே.

பள்ளி விடுமுறையில் கூட்டாளிகள் எல்லாரும் விளையாடும் ஒரு கேமில் சீசன் பாஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, 44.90. அதை வாங்கியவுடன் சட்டையும் துப்பாக்கியும் கைக்கு வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். பாஸ் என்பது பரிசை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும். படி படியாக விளையாடி ஏறினால்தான் ஒவ்வொரு பரிசாகத் திறக்கும், சீசன் முடிவதற்குள் ஏறாவிட்டால் மீதி போச்சு. அதோடு சேர்த்து வாரப் பாஸ் என்று ஒரு சந்தா, வாரம் 9.90. அதில் தினமும் உள்ளே போய்த் தொட்டால் அன்றைய கூலியாகக் கொஞ்சம் வைரக்கல். ஒரு நாள் போகாவிட்டால் அன்றையது கிடையாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியற்காலையில் நம் அம்மாக்கள் பெரட்டுக்கு ஓடியது நினைவிருக்கிறதா? பேர் கொடுக்கத் தவறினால் அன்றைய கூலி இல்லை. அவர்கள் கூலி வாங்கப் போனார்கள், என் மகன் காசு கட்டிப் பெரட்டுக்குப் போயிருக்கிறான்.

இனிமேல் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. நாலாவது வாரம் பணம் போனதும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. போதும் என்று முடிவு செய்து அந்தக் கேமையே கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டான். தப்பு அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ரசீது வந்தது. சந்தா கேமில் இல்லையாம், அதை வாங்கிய கணக்கில் இருக்கிறதாம். கேமை அழித்தாலும், கைப்பேசியைக் கிணற்றில் போட்டாலும் சந்தா அது பாட்டுக்கு வாரம் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அவனுக்கு அது புரியவில்லை. விளையாடாத கேமுக்கு ஏழு வாரம் காசு போனது. வெள்ளிக்கிழமை வந்தால் பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாக என் மெயிலைத் திறந்து ரசீதை அழிப்பானாம். நான் மெயிலே பார்க்காதவன், அழிக்காமல் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த வெள்ளிக்கிழமைகளில் சோறு சரியாகச் சாப்பிட மாட்டான். மல்லிகா பள்ளியில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து வகுப்பாசிரியரைப் பார்க்கவே போயிருக்கிறாள்.

நிறுத்துவது இரண்டு நிமிஷ வேலை, நாங்கள் சேர்ந்தே செய்தோம். பிளே ஸ்டோரில் மேலே வலது பக்கம் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions`, அதில் அந்தப் பெயரைத் தொட்டால் கீழே `Cancel subscription`. அதே இடத்தில் `Budget & history` என்று ஒன்று இருக்கிறது. ரசீது மெயிலை அழித்தாலும் வாங்கியதெல்லாம் அங்கே தேதியோடு வரிசையாக நிற்கிறது. அதைப் பார்த்ததும் கவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. உன் வீட்டிலும் பெரியவனுக்குப் பழைய கைப்பேசி கொடுத்திருப்பதாகச் சொன்னாயே, இன்றைக்கே ஒரு தடவை அங்கே போய்ப் பார்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்றும் பார்த்தோம். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிடமே கேட்கலாம், அதைத் தாண்டினால் கேமைச் செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும். முந்தின நாள் போன 9.90 அந்தக் கெடுவுக்குள் இருந்தது. கேட்டோம், திரும்பி வந்துவிட்டது. பழையவற்றுக்குக் கேம்காரர்களுக்கு எழுதியிருக்கிறோம், இதுவரை பதில் இல்லை. அவன் அதை அழித்த பிறகு ஒரு நாளும் உள்ளே போகவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன்.

மில்லில் ஒருவர், "வங்கியில் போய் நான் செய்யவில்லை என்று சொல்லு, திருப்பிக் கொடுப்பார்கள்" என்றார். யோசித்தேன். திருடன் யாரும் எடுக்கவில்லை, என் வீட்டுப் பிள்ளை என் கணக்கில் வாங்கியிருக்கிறான். அதை மோசடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பொய்க் கையெழுத்து. பொய்யை ஒப்புக்கொண்ட பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நான் ஒரு பொய் எழுத வேண்டுமா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கார்டை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தேன், ரகசியச் சொல்லை மாற்றினேன், இந்தத் தடவை நானே யோசித்து வைத்தேன். அவன் கைப்பேசியில் இப்போது அவன் கணக்கு மட்டும்தான்.

கத்தி முடித்த அன்று இரவு எனக்கு நம் தோட்டத்துக் கடையும் அந்த 555 புத்தகமும் நினைவுக்கு வந்தன. அப்பா பெயரில் இருந்த சின்னப் புத்தகம். "அப்பா கணக்கில் எழுதிக்குங்க" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொள்வார். நீயும் நானும் ஒரு மாதம் முழுக்கக் காற்றாடி நூலும் பிஸ்கட்டும் சர்பத்தும் வாங்கினோமே, மொத்தம் 3 வெள்ளி 40 காசு. சம்பள நாளில் அப்பா அந்தப் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கட்டினார். நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கார்டை ஏற்றிவைத்த கணக்கும் அந்த 555 புத்தகமும் ஒன்றுதானே? யார் கையை நீட்டினாலும் எழுதிக்கொள்ளும்.

இப்போது வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. திரும்பி வந்ததைக் கழித்தால் 143 வெள்ளி 90 காசு. இதில் அவன் விளையாடிய காலத்துக்கு உண்டானது 84.50, கேமை அழித்த பிறகு வீணாகப் போனது 59.40. வீணாகப் போனதை நான் ஏற்றுக்கொள்கிறேன், கைப்பேசியைத் துடைக்காமல் கொடுத்தது நான்தான் என்றேன். மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாமல் போனது முதல் வாரம். அதற்குப் பிறகு ஆறு வாரம் மெயிலை அழித்தானே, அதுவும் தெரியாமலா?" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, உன் தீர்ப்பை நான் அவளிடம் காட்ட மாட்டேன்.

பட்டணத்துக் கடையில் இன்னும் 555 புத்தகம் விற்கிறார்கள், அதே அட்டைதான். ஒன்று வாங்கிக் கவினிடம் கொடுத்து, வாரா வாரம் கைச்செலவில் மிச்சம் பிடித்துத் தருவதை இதில் எழுது என்றேன். எவ்வளவு என்று சொல்லவில்லை, வழக்கு முடியவில்லையே. நேற்று மேசையில் கிடந்ததைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் 143.90 என்று எழுதி, அதிலிருந்து 8 வெள்ளியைக் கழித்து வைத்திருக்கிறான். அம்மா சொல்லி எழுதினானா, தானாக எழுதினானா என்று நான் கேட்கவில்லை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
குணா

பி.கு.: அந்த 3 வெள்ளி 40 காசில் உன் பங்கு 1 வெள்ளி 70 காசு. சர்பத் யோசனை உன்னுடையது.